எஃகுத் தகடு சோதனைச் சான்றிதழைத் தமிழாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் தர ஆய்வாளராக வேலை பார்த்துவிட்டு, இப்போது மதுரையில் தொழில்நுட்ப மொழிபெயர்ப்பு செய்கிறேன். வக்கீல் குமாஸ்தாக்கள், பட்டறைக்காரர்கள், புதிதாக மொழிபெயர்க்க வந்தவர்கள் என்று பலரும் போனில் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். பட்டறையில் இந்தச் சான்றிதழை மில் டெஸ்ட் சர்டிபிகேட், சுருக்கமாக எம்டிசி என்பார்கள். உதாரணத்துக்கு 12 மி.மீ. தகடு ஒன்றின் சான்றிதழையே கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன்.

இரும்பு பிளேட்டோட எம்டிசியை யார் சார் தமிழ்ல கேக்குறாங்க? அது இங்கிலீஷ்லயே இருந்தா என்ன?

பெரும்பாலும் தகராறு வந்த பிறகுதான் கேட்கிறார்கள். மேலூர்ப் பக்கம் ஒரு கிரானைட் யார்டில் கிரேன் ஓடுகிற கர்டரில் வெல்டிங் விரிசல் விட்டது. யார்டுக்காரர் "தகடு மட்டம்" என்றார். கர்டர் செய்து கொடுத்தவர் "தகடு நல்லது, இதோ சான்றிதழ்" என்று ஒரு பக்கத் தாளை நீட்டினார். வழக்கு கோர்ட்டுக்குப் போனதும் அந்தத் தாள் தமிழில் தேவைப்பட்டது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் உதாரணம் அந்தத் தாள்தான். ஆட்களை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டேன்.

பட்டறைக்குள்ளேயும் தேவை வருவதுண்டு. சரக்கு இறக்கும்போது தகட்டையும் தாளையும் ஒப்பிட்டுப் பார்க்கிற ஆளுக்கு எந்தக் கட்டத்தில் எது இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

தலைப்பை "ஆலைச் சான்றிதழ்"னு போட்டா போதுமா?

மதுரையில் மில் என்றாலும் ஆலை என்றாலும் ஜனங்களுக்கு முதலில் பஞ்சாலைதான் ஞாபகம் வரும். அதனால் "எஃகு உற்பத்தி ஆலையின் சோதனைச் சான்றிதழ்" என்று முழுதாக எழுதிவிடுகிறேன். தகட்டை உருட்டிய ஆலையே சோதித்துக் கொடுத்தது என்ற விஷயம் தலைப்பிலேயே வந்துவிட வேண்டும். இரும்புக் கடைக்காரர் கொடுக்கும் பில்லும் வெளி ஆய்வகத்தின் அறிக்கையும் வேறு வகை ஆவணங்கள்.

"பிளேட்" என்பதற்குத் தகடு என்றே போடலாம். ஒருவர் "தட்டு" என்று எழுதியதைப் பார்த்தேன். அது சோறு போட்டுச் சாப்பிடுகிற சமாச்சாரம்.

எதைத் தமிழாக்கணும், எதை அப்படியே விடணும்?

சொற்களைத் தமிழாக்குங்கள், குறியீடுகளைத் தொடாதீர்கள். கட்டத் தலைப்புகள், குறிப்புகள், உறுதிமொழி வாசகம், கையொப்பமிட்டவரின் பதவி ஆகியவை தமிழில் வர வேண்டும். தகட்டு எண், தர நிர்ணய எண், தரக் குறி, முத்திரைக்குள் இருக்கும் உரிம எண் ஆகியவை மூலத்தில் எந்த எழுத்தில் இருக்கின்றனவோ அதே எழுத்தில் இருக்க வேண்டும். எஃகுக்கான இந்தியத் தர நிர்ணயத்தை நான் இங்கே பேச்சுக்கு "ஐஎஸ் 2062" என்று எழுதினாலும், மொழிபெயர்ப்பில் மூலத்தில் அச்சானபடிதான் வைப்பேன்.

காரணம் எளிமையானது. தகட்டின் மேல் பெயிண்டால் எழுதியோ இரும்புப் பஞ்ச் வைத்து அடித்தோ ஒரு எண் இருக்கும், அதே எண் தாளிலும் இருக்கும். இந்தத் தாள் அந்தத் தகட்டுடையதுதான் என்று சொல்ல இருக்கிற ஒரே கயிறு அதுதான். `E250 BR` என்ற தரக் குறியை நீங்கள் "இ250 பிஆர்" என்று மாற்றினால், யார்டில் போய்த் தகட்டைப் பார்க்கிறவருக்கு அந்தக் கயிறு அறுந்துபோகும்.

"ஹீட் நம்பர்"னா வெப்ப எண் தானே?

இல்லை. உலையில் ஒரு தடவை உருக்கி எடுத்த மொத்த எஃகுக்குத்தான் ஹீட் என்று பெயர். ஒரு சமையலில் ஒரு பானை இறக்குவது மாதிரி. அந்தப் பானையிலிருந்து பல தகடுகள் வரும், எல்லாவற்றுக்கும் ஒரே ஹீட் எண்தான். வெப்பநிலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "வெப்ப எண்" என்று போட்டால் படிக்கிறவர் டிகிரியைத் தேடுவார்.

"உருக்கு எண்" என்று சிலர் எழுதுகிறார்கள். உருக்கு என்றாலே எஃகு என்றும் பொருள் இருப்பதால் அதுவும் குழப்பும். நான் "உருக்கல் தொகுதி எண்" என்று போடுகிறேன். பட்டறைக்கு மட்டும் போகிற தாள் என்றால் "ஹீட் எண்" என்றே விட்டுவிடுவேன். அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், அதில் தப்பில்லை.

டிக்ஷனரில "யீல்டு"க்கு மகசூல்னு இருக்கு. அதையே போட்டுட்டேன், பரவாயில்லையா?

மாற்றிவிடுங்கள். ஒரு தடவை என்னிடம் திருத்த வந்த தாளில் "மகசூல் 291" என்று இருந்தது. நெல்லா கரும்பா என்று கேட்கத் தோன்றியது.

சோதனை இப்படி நடக்கும். தகட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து இயந்திரம் இழுக்கும். ஆரம்பத்தில் விசையை எடுத்துவிட்டால் துண்டு பழைய நீளத்துக்கே திரும்பும். ஓர் அளவைத் தாண்டினால் திரும்பாது, நீண்டது நீண்டதுதான். அந்த அளவுதான் யீல்டு. அதற்கு "நெகிழ்வுத் தகைவு" என்று எழுதுகிறேன். தகைவு என்பது பள்ளிக்கூட இயற்பியல் புத்தகத்திலேயே இருக்கிற சொல், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எவ்வளவு விசை என்று பொருள். இன்னும் இழுத்தால் துண்டு தாங்குகிற உச்சம் ஒன்று வரும். அது "இழுவிசை வலிமை". அறுந்த பிறகு இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளப்பது "நீட்சி சதவீதம்".

நம் தாளில் இவை 291, 438, 28. முதல் இரண்டும் மெகாபாஸ்கல். ஐஎஸ் 2062-இன் 2011 பதிப்பு இந்தத் தரத்துக்குக் கேட்கும் குறைந்தபட்ச இழுவிசை வலிமை 410, நீட்சி 23 சதவீதம். நெகிழ்வுத் தகைவு மட்டும் தடிமனைப் பொறுத்து மாறும்: 20 மி.மீ.க்குக் கீழே 250, 20 முதல் 40 வரை 240, அதற்கு மேல் 230. நம் தகடு 12 மி.மீ. என்பதால் 250 பொருந்தும். வேறு சொல் பிடித்திருந்தால் அதையே போடுங்கள், ஆனால் தாள் முழுக்க ஒரே சொல்லாக இருக்கட்டும்.

யூனிட்டை மாத்தி எழுதலாமா?

வேண்டாம். ஒரு மெகாபாஸ்கலும் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டனும் சமம்தான். இருந்தாலும் மூலத்தில் எது இருக்கிறதோ அதையே எழுதுங்கள். பழைய தாள்களில் கிலோகிராம் விசையில் 42, 43 என்று இருக்கும். அதை 9.81-ஆல் பெருக்கிப் போட வேண்டும் என்று கட்சிக்காரர் கேட்டால், மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று அடியில் தனியாகப் போடலாம். கட்டத்துக்குள் மூல எண்தான் இருக்க வேண்டும்.

C, Mn, S, Si எல்லாத்துக்கும் தமிழ்ப் பேர் எழுதணுமா?

குறியீட்டையும் வைத்து, பக்கத்தில் பெயரையும் எழுதுங்கள். கார்பன், மாங்கனீசு, கந்தகம், சிலிக்கான், பாஸ்பரஸ். பெயர் மட்டும் இருந்தால் மூலத்தோடு ஒப்பிடுகிறவர் தடுமாறுவார்.

இரண்டு இடத்தில் கை வழுக்கும். S கந்தகம், Si சிலிக்கான். நம் தாளில் கந்தகம் 0.018, சிலிக்கான் 0.19. இடம் மாறினால் கந்தகம் 0.19 ஆகி, அனுமதித்த 0.045-ஐப் போலப் பல மடங்காகத் தெரியும். இன்னொன்று, Mn மாங்கனீசு, மக்னீசியம் அல்ல. மக்னீசியத்தின் குறியீடு Mg.

தாள்ல C-க்கு நேரா 17னு போட்டிருக்கு. 17 சதவீதம் கார்பனா?

இருக்கவே முடியாது. வார்ப்பிரும்பிலேயே கார்பன் ஏறக்குறைய 2 முதல் 4 சதவீதம்தான். கட்டத் தலைப்பை உற்றுப் பாருங்கள். குறியீட்டுக்குப் பக்கத்திலோ கீழேயோ சின்ன எழுத்தில் ×100 அல்லது ×1000 என்று இருக்கும். கட்டத்தில் இடம் போதாததால் சில ஆலைகள் தசமப் புள்ளியை எடுத்துவிட்டு, பெருக்கிய எண்ணைப் போடுகின்றன. C ×100 என்ற தலைப்பின் கீழ் 17 என்றால் 0.17 சதவீதம். P ×1000 என்ற தலைப்பின் கீழ் 24 என்றால் 0.024 சதவீதம். ஒரே வரிசையில் ஒரு கட்டம் நூறு, அடுத்தது ஆயிரம் என்று மாறி மாறி வரும்.

இங்கே என் பிழையைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கிரானைட் யார்டு வழக்கில் முதலில் நான் கொடுத்த மொழிபெயர்ப்பில் பாஸ்பரஸ் 0.24 என்று போய்விட்டது. ஜெராக்ஸில் ஆயிரத்தின் கடைசிப் பூஜ்யம் மங்கியிருந்தது, நூறு என்று படித்தேன். 17 சதவீதம் கார்பன் என்று எழுதியிருந்தால் யாராவது சிரித்து நிறுத்தியிருப்பார்கள். 0.24 என்பது பார்வைக்கு ஒழுங்கான எண், அதனால் தப்பிவிட்டது. அனுமதித்த அளவு 0.045. எதிர்த்தரப்பு வக்கீல் "ஐந்து மடங்கு பாஸ்பரஸ், அதனால்தான் எஃகு நொறுங்கியது" என்று எழுந்துவிட்டார். பாஸ்பரஸ் கூடினால் எஃகு குளிரில் நொறுங்கும் தன்மை பெறும் என்பது உண்மைதான், அதனால் வாதம் நன்றாகவே ஒட்டியது. திருத்திய மொழிபெயர்ப்பும் விளக்கமும் கொடுத்து ஒரு வாய்தா போனது. அதற்குப் பிறகு ஜெராக்ஸை வைத்து வேலை செய்வதே இல்லை. மூலத்தையோ ஆலை அனுப்பிய கோப்பையோ கேட்டு வாங்கிவிடுகிறேன்.

தமிழில் எப்படிப் போடுவது? நான் பெருக்கலோடு அப்படியே போடுகிறேன்: தலைப்பில் "கார்பன் C, சதவீதம் ×100", கட்டத்தில் 17. அடியில் ஒரு வரி: "×100 என்ற தலைப்பின் கீழ் உள்ள எண்ணை 100-ஆல் வகுத்தால் சதவீதம் கிடைக்கும், 17 என்பது 0.17". அப்புறம், ஐரோப்பியத் தாள்களில் தசமப் புள்ளிக்குப் பதிலாக காற்புள்ளி இருக்கும். 0,17 என்றாலும் அதே 0.17-தான்.

எண் எல்லாம் சரியா ஏறிடுச்சான்னு மொழிபெயர்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? நமக்கு மெட்டலர்ஜி தெரியாதே?

பல தாள்களில் CE என்று ஒரு கட்டம் இருக்கும். "கார்பன் சமானம்" என்று தமிழாக்கலாம். வெல்டிங் எவ்வளவு சுலபமாகப் பிடிக்கும் என்று காட்டும் கூட்டெண் அது. அதைக் கணக்கிடும் வாய்பாடு இது:

```
CE = C + Mn/6 + (Cr+Mo+V)/5 + (Ni+Cu)/15
```

நீங்கள் தமிழில் ஏற்றிய எண்களை வைத்து இதைப் போட்டுப் பாருங்கள். நம் தாளில் கார்பன் 0.17. மாங்கனீசு 0.82, ஆறால் வகுத்தால் 0.137. குரோமியம் 0.02, மற்ற இரண்டும் பூஜ்யம், ஐந்தால் வகுத்தால் 0.004. நிக்கலும் தாமிரமும் சேர்ந்து 0.03, பதினைந்தால் வகுத்தால் 0.002. கூட்டினால் 0.313. தாளில் 0.31 என்று அச்சாகியிருக்கிறது. சரி, ஒத்துப்போகிறது. மாங்கனீசை 0.28 என்று திருப்பிப் போட்டிருந்தால் விடை 0.22 என்று வந்து காட்டிக்கொடுத்திருக்கும்.

ஆனால் வாய்பாட்டைத் திரும்பப் பாருங்கள். அதில் பாஸ்பரஸ் இல்லை, கந்தகம் இல்லை, சிலிக்கானும் இல்லை. மேலே சொன்ன என் பிழையை இந்தக் கணக்கு பிடித்திருக்காது. அந்த மூன்றையும் தர நிர்ணயத்தின் உச்ச வரம்போடுதான் ஒப்பிட வேண்டும். ஆலை விற்பனைக்கு அனுப்பிய தகட்டில் ஓர் எண் வரம்பைத் தாண்டி இருப்பதாகத் தெரிந்தால், ஆலையைச் சந்தேகிக்கும் முன் உங்கள் கண்ணைச் சந்தேகியுங்கள்.

அளவுக் கட்டத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 12 × 1500 × 6300 மி.மீ. தகடு ஒன்றின் எடை, எஃகின் அடர்த்தி கன செ.மீ.க்கு 7.85 கிராம் என்று வைத்தால், ஏறக்குறைய 890 கிலோ. ஆறு தகடு என்று போட்டு எடை 5.34 டன் பக்கத்தில் இருந்தால் எண்கள் சரியாக ஏறியிருக்கின்றன.

ஒரே தாள்ல ரெண்டு வரிசை கெமிக்கல் இருக்கு, எண்ணும் கொஞ்சம் மாறுது. எது சரி?

இரண்டுமே சரிதான். ஒன்று லேடில் பகுப்பாய்வு: தகடாகும் முன், உருகிய எஃகிலிருந்து எடுத்த மாதிரி. மற்றது பிராடக்ட் பகுப்பாய்வு: உருட்டி முடித்த தகட்டிலிருந்து எடுத்த மாதிரி. எஃகு உறையும்போது தனிமங்கள் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பரவுவதில்லை, அதனால் எண் சற்று நகரும். எவ்வளவு நகரலாம் என்று தர நிர்ணயத்திலேயே தனி அட்டவணை இருக்கிறது.

லேடில் என்பதை அகராதி பார்த்து "கரண்டிப் பகுப்பாய்வு" என்று எழுதாதீர்கள். "உருகிய நிலைப் பகுப்பாய்வு", "தகட்டுப் பகுப்பாய்வு" என்று பிரித்தால் படிக்கிறவருக்கு வித்தியாசம் தானாகப் புரியும். நம் தாளில் உருகிய நிலைக்கு மட்டும்தான் எண் இருக்கிறது. CE கணக்கையும் அதே வரிசையில்தான் போட வேண்டும். ஒரு எண்ணை இங்கிருந்தும் இன்னொன்றை அங்கிருந்தும் எடுத்தால் ஒத்துப்போகாது.

நீட்சி சதவீதத்துக்குப் பக்கத்துல 5.65 ரூட்னு ஏதோ இருக்கு. அதை விட்டுரலாமா?

விட்டால் அந்த 28 சதவீதத்துக்கு அர்த்தமே போய்விடும். துண்டு அறுவதற்கு முன் ஓரிடத்தில் கழுத்து மாதிரி ஒடுங்கும், கடைசி நீட்சி எல்லாம் அந்தச் சின்ன இடத்தில்தான். குறைந்த நீளத்தில் அளந்தால் கழுத்தின் பங்கு பெரிதாகி சதவீதம் கூடும். நீளத்தைக் கூட்டினால் குறையும். அதனால் எந்த நீளத்தில் அளந்தோம் என்று சொல்லாமல் சதவீதம் மட்டும் சொல்லக் கூடாது. அந்த நீளத்துக்கு "அளவை நீளம்" என்று போடுகிறேன்.

`5.65√So` என்பது அந்த நீளத்தைக் கண்டுபிடிக்கும் வழி. So என்பது துண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு. 12 மி.மீ. தடிமனும் 25 மி.மீ. அகலமும் உள்ள துண்டுக்குப் பரப்பு 300, அதன் வர்க்கமூலம் 17.3, 5.65-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 98 மி.மீ. அமெரிக்க முறைத் தாள்களில் 50 மி.மீ. அல்லது 200 மி.மீ. என்று நேராக இருக்கும். ஏ36 என்ற தரத்தின் தகட்டுக்கு 50 மி.மீ.யில் 23 சதவீதமும் 200 மி.மீ.யில் 20 சதவீதமும் கேட்கிறார்கள். எஃகு ஒன்றுதான், அளக்கும் நீளம்தான் வேறு.

இம்பாக்ட் டெஸ்ட் கட்டத்துல வெறும் கோடு இருக்கு. "இல்லை"னு போடவா, பூஜ்யம் போடவா?

கோட்டையே போடுங்கள். பூஜ்யம் என்றால் சோதித்தார்கள், துண்டு துளியும் தாங்கவில்லை என்று ஆகிவிடும். `E250 BR` தரத்துக்கு அறை வெப்பநிலையில் செய்யும் இந்த மோதல் சோதனை, வாங்குபவர் கேட்டால்தான். கேட்காததால் செய்யவில்லை, கட்டம் காலி. இதையும் கட்டத்துக்குள் எழுத வேண்டாம். கோர்ட்டில் கேட்டால் நிபுணர் சொல்லட்டும்.

"கில்டு ஸ்டீல்"னா?

கொல்லப்பட்ட எஃகு அல்ல. உருகிய எஃகில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை சிலிக்கானோ அலுமினியமோ சேர்த்துப் பிடித்துவிட்டால் அது கொதிக்காமல் அடங்கி உறையும். அந்த அடக்கத்துக்குத்தான் அந்தப் பெயர். "ஆக்சிஜன் நீக்கிய எஃகு" என்று எழுதுங்கள்.

மூலத்துலேயே தப்பு இருந்தா திருத்திடலாமா? யீல்டு 438, டென்சைல் 291னு ஒரு தாள்ல மாத்தி அடிச்சிருக்கான்.

திருத்தாதீர்கள். நெகிழ்வுத் தகைவு இழுவிசை வலிமையைத் தாண்டாது என்பதால் அது தப்பு என்று நமக்கே தெரியும். இருந்தாலும் உள்ளபடி எழுதி, அடியில் "மூலத்தில் உள்ளவாறே" என்று குறிப்பிடுங்கள். ஆவணத்தைத் திருத்துகிற அதிகாரம் ஆலைக்குத்தான். அவர்களிடமிருந்து திருத்திய சான்றிதழ் வந்தால் அதைப் புதிதாக மொழிபெயருங்கள்.

அடியில "3.1"னு போட்டிருக்கு. அது பக்க எண்ணா?

இஎன் 10204 என்ற ஐரோப்பிய விதியின்படி அது சான்றிதழின் வகை. 3.1 என்றால் உற்பத்திப் பிரிவைச் சேராத, ஆலையின் ஆய்வுப் பொறுப்பாளர் ஒருவர் உறுதி செய்தது. 3.2 என்றால் அவரோடு சேர்ந்து வாங்குபவர் தரப்பு ஆய்வாளரோ, அரசு விதிகள் குறிக்கும் ஆய்வாளரோ உறுதி செய்தது. எண்ணை அப்படியே வைத்து "சான்றிதழ் வகை" என்று முன்னால் சேருங்கள். கையொப்பமிட்டவரின் பதவியை மொழிபெயர்க்கும்போது இதை ஞாபகம் வையுங்கள். ஆய்வுப் பொறுப்பாளரை "உற்பத்தி மேலாளர்" ஆக்கிவிட்டால் 3.1 என்பதன் பொருளே கெட்டுவிடும்.

தாளைச் சரியா மொழிபெயர்த்துட்டோம். ஆனா பிளேட்ல இருக்கிற ஹீட் நம்பர் வேறன்னு சொல்றாங்க. இப்ப நாம என்ன செய்யணும்?

நீங்கள் செய்ய எதுவும் இல்லை. உங்கள் கையொப்பம் இந்தத் தாளில் உள்ளதற்கு மட்டும்தான். தகட்டுக்கும் தாளுக்கும் உள்ள உறவுக்கு நீங்கள் சாட்சி அல்ல.

இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் பட்டறையில் இருக்கிறது. முழுத் தகட்டில் ஓரிடத்தில்தான் எண் இருக்கும். கேஸ் கட்டிங் போட்டுத் துண்டாக்கும்போது எண் ஒரு துண்டோடு போய்விடும், மிச்சத் துண்டுகள் அநாதை. வெட்டுவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு துண்டிலும் ஹீட் எண்ணைப் பஞ்ச் வைத்து அடித்துவிடுகிற பட்டறைகளில் இந்தச் சண்டை வருவதில்லை. கிரானைட் யார்டு கர்டரில் எட்டுத் துண்டுகளில் மூன்றில்தான் எண் இருந்தது. மற்ற ஐந்திலும் மாதிரி எடுத்து வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அந்த அறிக்கை வந்ததும் அதையும் தமிழாக்க என்னிடமே கொண்டுவந்தார்கள். இந்த முறை மூலத்தையே வாங்கிக்கொண்டேன்.